எந்த நாளைய வயது?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் எடுக்கும் பெற்றோர் திருடர்கள், அந்தப் பொய்யைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பது அதைவிடக் கேவலம் என்று. கீழே நூற்றுக்கணக்கான பேர் கைதட்டியிருந்தார்கள். நண்பருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அது குற்றமில்லை. ஆனால் ஒரு தடவையாவது ஒரு குழந்தையோடு டிக்கெட் எடுத்துவிட்டு எழுதியிருக்கலாம்.

நான் அந்தத் திருட்டுக் கும்பலில் வளர்ந்தவள். திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறும் முன் அம்மா என் காதில் சொல்வாள்: "அண்ணாச்சி கேட்டா பதினொண்ணுன்னு சொல்லு. பன்னெண்டுன்னு உளறிராத." எனக்கு அப்போது உண்மையிலேயே பதினொன்றுதான். பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வயதை அப்படித்தான் சொல்வார்கள். ஆச்சியிடம் கேட்டால் "புள்ளைக்குப் பன்னெண்டு நடக்கு" என்பாள். அம்மா சொல்லிக்கொடுத்தது பொய் அல்ல, சட்டம் கேட்கிற கணக்கு. "12 வயதுக்குக் கீழ்" என்றால் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தின இரவுவரை அரை டிக்கெட். பதினொரு வருடம், பதினொரு மாதம், இருபத்தொன்பது நாள் ஆன பிள்ளைக்கும் அரை டிக்கெட். இது தெரியாமல் நடக்கிற வயதைச் சொல்லி முழு டிக்கெட் எடுத்த ஆச்சிகள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் அதிகமாகக் கட்டிய பணத்தை யார் எந்தக் கணக்கில் திருடு என்று எழுதுவது?

வயது என்பது ஒரு எண் என்று நினைக்கிறோம். அது எண் இல்லை, இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கும் தூரம். ஒரு தேதி பிறந்த நாள். அது சான்றிதழில் இருக்கிறது. (சான்றிதழில் இருப்பது நிஜமா என்பது வேறு கதை. ஜூன் மாதம் பள்ளியில் சேர்ப்பதற்காக ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த மே மாதப் பிறந்தநாளோடு எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் திரிகிறோம்.) இன்னொரு தேதி எது? டிக்கெட் வாங்கிய நாளா, வண்டி ஏறுகிற நாளா, திரும்பி வருகிற நாளா? என் சண்டை இந்த இரண்டாவது தேதியோடுதான்.

டவுன் பஸ்ஸில் இந்தக் கேள்வி வராது. ஏறுகிறோம், டிக்கெட் எடுக்கிறோம், இறங்குகிறோம். மூன்றும் ஒரே நாள். 2022-இல் தமிழ்நாட்டு அரசு பஸ்களில் இலவச வயதை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள், நல்ல காரியம். அங்கேயும் கண்டக்டர் பிள்ளையின் உயரத்தைப் பார்த்து முறைப்பார், தாய் பதிலுக்கு முறைப்பாள், விவகாரம் அடுத்த ஸ்டாப்பில் தீர்ந்துவிடும். டெல்லி மெட்ரோவில் இன்னும் சுலபம்: 90 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் இலவசம். கோடு போட்ட சுவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. முன்பதிவு என்று ஒன்று வந்ததும்தான் சிக்கல் வருகிறது. வாங்குகிற நாளுக்கும் போகிற நாளுக்கும் நடுவில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. வளர வேண்டாம் என்று யார் சொல்வது?

ரயிலை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குக் கீழே, தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் கிடையாது. ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால் பெர்த் இல்லாமல் அரைக் கட்டணம். பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு உள்ள முழுக் கட்டணம். இந்த இரண்டாவது விதி 2016 ஏப்ரல் 21-லிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு அரைக் கட்டணத்திலேயே பெர்த்தும் கிடைத்தது. இப்போது பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டில் NOSB என்று அச்சாகும். இருக்கையும் இல்லை, படுக்கையும் இல்லை என்பதன் சுருக்கம். பிள்ளை அம்மாவின் பெர்த்தில் காலை மடக்கிக்கொண்டு தூங்க வேண்டும். இந்த மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் ரயில்வேக்கு 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் வருமானம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதில் 2023-இல் செய்தியாக வந்தது. அந்தப் பணம் யாருடையது என்றால், பத்து வயதுப் பிள்ளையைக் காலை மடக்கித் தூங்கவைக்க மனம் வராத பெற்றோருடையது. திருடர்கள் என்று எழுதிய நண்பர் இதையும் படித்திருக்கலாம்.

சரி, தேதிக்கு வருகிறேன். 2013 மே 15 அன்று பிறந்த ஒரு பையன். பரீட்சை லீவில் தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும். 2025 மே 18, ஞாயிறு இரவு ரயில். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது (2024 அக்டோபர் முடியும்வரை 120 நாள்). அதாவது மார்ச் 19 காலை எட்டு மணிக்கு அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். லீவு நாள் ரயில் என்றால் நிமிடங்களில் காலியாகிவிடும், தெரியும்தானே. பெயர் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் வயது என்று ஒரு கட்டம். பிறந்த தேதி கேட்பதில்லை. எண் மட்டும். அப்பா பையனைப் பார்க்கிறார். பதினொன்று. பதினொன்று என்று அடிக்கிறார். மார்ச் 19 அன்று அது சத்தியமான உண்மை. மே 18 இரவு ரயில் ஏறும்போது பையனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. கையில் இருப்பது NOSB அரை டிக்கெட்.

இங்கே திருடன் யார்? அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் "பயண நாளன்று நிறைவடைந்த வயது" என்று நான்கு வார்த்தை போட இடமில்லையா? அல்லது பிறந்த தேதியை வாங்கிக்கொண்டு, பயணத் தேதி அங்கேயேதான் இருக்கிறது, கழித்துப் பார்க்க அந்த இயந்திரத்துக்கு என்ன கஷ்டம்? ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிப்பதுதான் கம்ப்யூட்டருக்கு உலகத்திலேயே சுலபமான வேலை. அதை எட்டு மணிப் பதற்றத்தில் இருக்கும் ஒரு தகப்பன் தலையில் கட்டுகிறோம். கழித்தலில் தப்பு வந்தால் அவர் தலையிலேயே அபராதமும். சரியான டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் ரயில்வே சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி கட்டணத்தோடு கூடுதலாகக் கட்டவேண்டிய தொகை குறைந்தது 250 ரூபாய். நடைமுறையில் டி.டி.இ. பெரும்பாலும் பையனின் மீசையைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார். ஒரே டிக்கெட்டில் போகிற குடும்பத்தில் ஒருவர் அடையாள அட்டை காட்டினால் போதும் என்பதால், பிள்ளையின் வயதுக்கு ஆதாரம் யார் கையிலும் இருக்காது. ஆக வளர்த்தியான பிள்ளை பெற்றவர் பயந்து சாக வேண்டும், குள்ளமான பிள்ளை பெற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். எழுத்தில் இருப்பது வயது விதி, வண்டியில் நடப்பது உயர விதி.

இன்னொன்று யோசியுங்கள். ஒரு பிள்ளைக்கு ரயில் ஓடும்போதே பன்னிரண்டு பிறக்கிறது என்று வையுங்கள். சென்னையில் இரவு ஏறினான், நள்ளிரவு தாண்டியது, திருச்சி வருவதற்குள் பெரியவனாகிவிட்டான். திருச்சியில் இறங்கி மிச்ச தூரத்துக்கு முழு டிக்கெட் எடு என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டார். சொன்னால் பெட்டியே சிரிக்கும். ஏறிய நேரத்து வயதுதான் இறங்கும்வரை என்பதை எல்லோரும் பேசாமலே ஒப்புக்கொள்கிறோம். ஏன்? ஒரு ஒப்பந்தம் தொடங்கியபின் நடுவில் ஆட்டத்தை மாற்றக்கூடாது என்று நமக்கு உள்ளூரத் தெரிவதால். என் கேள்வி, அந்த ஒப்பந்தம் எப்போது தொடங்குகிறது என்பதுதான். வண்டி கிளம்பும்போதா, காசை வாங்கிக்கொண்டபோதா?

இதற்கு ரயில்வேயே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று கட்டணத்தை உயர்த்தினார்கள். ஏ.சி. வகுப்பில் கிலோமீட்டருக்கு இரண்டு பைசா, மெயில், எக்ஸ்பிரஸின் ஏ.சி. இல்லாத வகுப்புகளில் ஒரு பைசா. அதற்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் ஜூலையிலோ ஆகஸ்டிலோ பயணம் செய்தாலும் வித்தியாசம் கட்டவேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். நியாயம். விலை பேசிய நாளின் விலை. அவர்கள் கட்டணம் வளர்ந்தால் வாங்கிய நாள் செல்லும். எங்கள் பிள்ளை வளர்ந்தால் வாங்கிய நாள் செல்லாது. இது என்ன கணக்கு?

விமானத்துக்கு வருகிறேன். இது என் சொந்தக் காயம், ஆகையால் கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இன்னொன்றாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

விமானத்தில் மூன்று படிகள். இரண்டு வயது முடியாதது கைக்குழந்தை: மடியில் உட்காரும், சீட் கிடையாது, கட்டணம் சொற்பம். இரண்டிலிருந்து பன்னிரண்டு முடியாதவரை குழந்தை: தனி சீட் கட்டாயம். முழுச்சேவை நிறுவனங்கள் இதற்குக் கொஞ்சம் தள்ளுபடி தருவதுண்டு, மலிவு விலை நிறுவனங்களில் பெரும்பாலும் பெரியவர் விலையேதான். பன்னிரண்டு முடிந்தால் பெரியவர். ரயிலைவிட ஒரு விதத்தில் இவர்கள் ஒழுங்கு. கைக்குழந்தைக்குப் பிறந்த தேதி கேட்கிறார்கள், பறக்கிற நாளின் வயதுதான் செல்லும் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த நாள், போகும் நாளும் வரும் நாளும் தனித்தனி. இதைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

என் மகள் 2022 ஜூன் 9 அன்று பிறந்தாள். 2024 ஜூனில் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். போவது ஜூன் 2, வருவது ஜூன் 16. மார்ச்சிலேயே எங்கள் தெரு முனை ஏஜெண்ட் அண்ணனிடம் எடுத்தோம். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், அவரும் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் அடித்தார். அவர் திரையில் போகும் நாளை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறது. ஜூன் 2 அன்று அவளுக்கு ஒரு வருடம், பதினொரு மாதம், இருபத்து நான்கு நாள். கைக்குழந்தை. போகவர ஒரே டிக்கெட். அக்கா வீட்டில் ஜூன் 9 அன்று கேக் வெட்டினோம். அந்தக் கேக்கின் விலை எவ்வளவு என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

திரும்பும் நாள் கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"மேடம், பாப்பாக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. மடியில வச்சுட்டுப் போக முடியாது. சீட் வாங்கணும்."

"போன வாரம்தாம்மா முடிஞ்சுது. வரும்போது மடியிலதான் வந்தா."

"வரும்போது முடியல மேடம்."

என்ன சொல்ல? அவள் சொன்னது சரி. இவர் பக்கத்தில் நின்று ஏஜெண்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார், அங்கே ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. மூன்று சீட் மிச்சம் இருந்தது. அன்றைய விலை, நம் பணத்தில் 27,400 ரூபாய். மார்ச்சில் அதே நாளுக்கு ஒருவழி சீட் பதினோராயிரத்துக்குக் கிடைத்தது, பில் வைத்திருக்கிறேன். அட்டையைத் தேய்த்தோம். பத்தொன்பது நிமிடம் தாமதித்திருந்தால் கவுண்டர் மூடியிருக்கும், மூன்று பேர் டிக்கெட்டும் போயிருக்கும். பாப்பா அந்த 27,400 ரூபாய் சீட்டில் சென்னை வரும்வரை உட்காரவே இல்லை, என் மடியில்தான் தூங்கினாள். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அழ அழ பெல்ட் போட்டு உட்கார வைத்தோம்.

இப்போது நண்பர்கள் சொல்வார்கள், அது பாதுகாப்பு விதி, கட்டண விதி இல்லை என்று. ஒப்புக்கொள்கிறேன், மனதார. மடியில் இருக்கும் குழந்தைக்கு ஒரு அளவுக்குமேல் பாதுகாப்பு கிடையாது. விமானம் குலுங்கினால் பன்னிரண்டு கிலோவைக் கையால் பிடித்துவைக்க எந்தத் தாயாலும் முடியாது. ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தைதான் என்று வைத்திருப்பதற்கும் ஒரு வரிசைக்கு இத்தனை ஆக்ஸிஜன் முகமூடிதான் என்ற கணக்குக்கும் தொடர்பு உண்டு. எங்கேயாவது கோடு போட வேண்டும், இரண்டில் போட்டிருக்கிறார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட கோடு என்பதால் அது பறக்கிற நாளின் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே சீட் கட்டாயம் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

அந்தச் சீட்டுக்கு என்ன விலை என்பது உடம்பு சம்பந்தப்பட்டது இல்லை. அது வியாபாரம். இரண்டையும் ஒரே விதிக்குள் திணித்து, பாதுகாப்பின் பெயரைச் சொல்லி அன்றைய விலையை வசூலிப்பதுதான் அயோக்கியத்தனம். பிறந்த தேதியை மார்ச்சிலேயே வாங்கியாகிவிட்டது. ஜூன் 16 என்ற தேதியும் மார்ச்சிலேயே கையில் இருக்கிறது. போகும்போது கைக்குழந்தை, வரும்போது குழந்தை என்று அப்போதே சொல்லி அப்போதைய பதினோராயிரத்தைக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கட்டியிருப்போம். சில நிறுவனங்களின் தளங்கள் இந்த இடத்திலேயே நிறுத்தி, இரண்டு வழியையும் தனித்தனியாக எடுக்கச் சொல்கின்றன. அப்படியென்றால் முடியும் என்றுதானே அர்த்தம்? தெரிந்தும் விற்ற டிக்கெட்டுக்குத் தெரியாமல் வாங்கியவர் தண்டம் கட்டுகிறார். இன்னொரு வேடிக்கை: பல நிறுவனங்களின் பழைய பாணிக் கட்டண விதிகளில், பதினொரு வயதில் பயணத்தைத் தொடங்கிய பிள்ளைக்கு வழியில் பன்னிரண்டு முடிந்தாலும் அதே டிக்கெட்டில் குழந்தைக் கட்டணத்திலேயே திரும்பிவரலாம். தொடங்கிய நாளின் வயது. சீட் ஏற்கெனவே இருக்கிறது, பாதுகாப்பில் மாற்றமில்லை, ஆகவே விலையிலும் மாற்றமில்லை. சீட்டையும் விலையையும் தனித்தனியாக யோசிக்க இந்தத் தொழிலுக்கே தெரியும்.

வெளியே எப்படி என்று பார்த்தால், சீனாவில் ரொம்பக் காலம் உயரம்தான் கணக்கு. 1.2 மீட்டருக்கும் 1.5 மீட்டருக்கும் நடுவில் இருந்தால் ரயிலில் குழந்தை டிக்கெட். வளர்த்தியான ஏழு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சத்தம் போட்டுப் போட்டு, 2023 ஜனவரி 1-லிருந்து அடையாள எண் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு வயதைக் கணக்காக்கினார்கள்: ஆறுக்குக் கீழ் இலவசம், ஆறு முதல் பதினான்கு முடியாதவரை சலுகை. எந்த நாளைய வயது என்பதையும் விதியிலேயே எழுதிவிட்டார்கள், பயண நாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் பதில் என்று ஒன்று இருக்கிறது. ஜப்பானியர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். அங்கே ரயிலில் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டாலும் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறவரை, அதாவது அந்தக் கல்வியாண்டு முடியும் மார்ச் 31 வரை, குழந்தைக் கட்டணம்தான். ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் ஒரே நாளில் பெரியவர்களாகிறார்கள். ஜூலையில் பிறந்ததற்காக எந்தப் பிள்ளையும் லீவுப் பயணத்தில் அரை டிக்கெட்டை இழப்பதில்லை.

நான் கேட்பது ஜப்பான் அளவுக்கு இல்லை. காசை வாங்கிய நாளில் பிள்ளை குழந்தை என்றால் அந்தப் பயணம் முடியும்வரை கட்டணத்துக்கு அது குழந்தை. சீட் வேண்டிய உடம்பு என்றால் சீட் கொடுங்கள், வாங்கிய நாளின் விலையில் கொடுங்கள். எல்லோரும் முன்கூட்டியே வாங்கி ஏமாற்றிவிடுவார்கள் என்பது வழக்கமான பதில். ரயிலில் முன்பதிவே 60 நாள்தான். ஒரு பிள்ளையின் ஆயுளில் பன்னிரண்டு வயது ஒரு முறைதான் முடியும். அதிகபட்சம் 60 நாள் சலுகை, அதுவும் அந்த 60 நாளில் பயணம் இருந்தால், அதுவும் பெர்த் வேண்டாம் என்றால். இதில் மூழ்கிப்போகிற அளவுக்கு ரயில்வே இளைத்துப்போகவில்லை. விமானத்தில் பதினொரு மாதத்துக்கு முன்பே வாங்க முடியும் என்பதால் அங்கே ஒரு வரம்பு வைக்கட்டும், மூன்று மாதம் என்று வைக்கட்டும், பேசலாம். இப்போது இருப்பதில் பேச ஒன்றுமில்லை. கட்டத்தில் எண்ணை வாங்கிக்கொண்டு, எந்த நாளின் எண் என்று சொல்லாமல், வண்டி ஏறியபின் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்கிற அம்மாக்களுக்கு: நடுவில் பிறந்தநாள் வருகிறதென்றால் போவதையும் வருவதையும் தனித்தனி டிக்கெட்டாக எடுங்கள். வரும் நாளுக்கு அவள் யார் என்பதை அன்றைக்கு மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள். ஏஜெண்ட் அண்ணன் "அதெல்லாம் ஒண்ணும் கேக்கமாட்டாங்கம்மா" என்றால் நம்பாதீர்கள். ரயிலில் பிறந்தநாளுக்குப் பிந்திய பயணம் என்றால் அன்றைய வயதையே போடுங்கள், இன்று அந்த எண் பொய்யாக இருந்தாலும்.

ஆமாம், பொய்தான். என் மகளுக்கு 2027 ஜூன் 9 அன்று ஐந்து முடிகிறது. ஊர்க்கொடைக்கு அன்றைக்கே ரயில் ஏற வேண்டியிருக்கிறது. முன்பதிவு ஏப்ரல் 10 அன்று திறக்கும். காலை எட்டு மணிக்கு, நான்கு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் 5 என்று அடிப்பேன். அவள் இப்போதே எண்களை வாசிக்கிறாள். "அம்மா, எனக்கு நாலுதானே?" என்று கண்டிப்பாகக் கேட்பாள்.